விளக்கை மங்க வைத்தார்கள், வேலை குறையவில்லை!

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தை ஒட்டி ஹாதார்ன் என்று ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமானது. டெலிபோனுக்கு வேண்டிய கருவிகள் அங்கே தயாராயின. 1920-களின் கடைசியில் சுமார் 40 ஆயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

1924-ம் ஆண்டு அங்கே ஒரு சோதனை தொடங்கியது. கேள்வி மிகவும் சாதாரணமானது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் வேலை அதிகமாக நடக்குமா?

தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு விளக்கைக் கூட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு விளக்கைத் தொடவே இல்லை.

விளக்கைக் கூட்டிய இடத்தில் வேலை கூடியது. சரி, அது நியாயந்தான். ஆனால் விளக்கைத் தொடாத இடத்திலும் வேலை கூடியது! பிறகு விளக்கைக் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் வேலை குறையவில்லை. கண்ணுக்கு ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்று தொழிலாளர்கள் முறையிடும் அளவுக்கு இருட்டான பிறகுதான் சோதனைக்காரர்கள் நிறுத்தினார்கள்.

மாற்றாத பல்பு

அந்தச் சோதனைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. நாள்தோறும் பல்புகளை மாற்றி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். அங்கே வேலை செய்த பெண்கள், "இப்போது நன்றாக இருக்கிறது" என்றார்கள்.

பிறகு ஒரு நாள் மின்சாரக்காரர் வந்தார். எல்லோரும் பார்க்கும்படி பல்புகளைக் கழற்றினார். அதே அளவுள்ள பல்புகளையே திரும்ப மாட்டினார். வெளிச்சம் ஓர் இம்மியும் கூடவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? வெளிச்சம் கூடியிருப்பது நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள்!

அவர்கள் பொய் சொன்னார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. பல்பு மாற்றுகிறவர் வந்தால் வெளிச்சம் கூடும் என்பது பல நாள் பழக்கம். கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ற பதில் வாயில் வந்துவிட்டது.

பல்பு சங்கதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப் போகும் விஷயம் முழுவதும் இதில் இருக்கிறது.

ஐந்து பெண்களின் அறை

ஹாதார்ன் பெயர் உலகமெல்லாம் பரவியதற்குக் காரணம் விளக்குச் சோதனை மட்டும் அல்ல. 1927-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கிய இன்னொரு சோதனைதான் பெரிய காரணம்.

டெலிபோன் நிலையத்தில் "ரிலே" என்று ஒரு சிறு கருவி உண்டு. சுமார் 35 துண்டுகளைக் கையால் கோத்துத் திருகாணி போட்டு அதைப் பூட்ட வேண்டும். கைதேர்ந்த பெண் ஒருவருக்கு ஒரு ரிலே பூட்ட ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும்.

இந்த வேலையில் இருந்த ஐந்து பெண்களைத் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். துண்டுகளை எடுத்துக் கொடுக்க இன்னொரு பெண். ஓர் ஓரத்தில் கண்காணிப்பவர் ஒருவர். பூட்டி முடித்த ரிலேயை ஒரு சரிவில் போட வேண்டும். அது விழும்போது ஒரு காகித நாடாவில் ஒரு துளை விழும். இப்படி ஒவ்வொரு ரிலேயும் கணக்கில் ஏறியது.

அந்தப் பெண்களுக்குத் தெரியாமலேயே, அதற்கு முன் இரண்டு வாரம் அவர்கள் பழைய இடத்தில் செய்த வேலையையும் எண்ணி வைத்திருந்தார்கள். ஆளுக்கு வாரம் ஏறக்குறைய 2,400 ரிலே. வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி.

பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காலையும் மாலையும் ஐந்து நிமிஷம் ஓய்வு. பிறகு பத்து நிமிஷம். ஒரு சமயம் ஒரு நாளைக்கு ஆறு முறை ஐந்து நிமிஷ ஓய்வு. அது பிடிக்கவில்லை, கை ஓட்டம் அறுந்து போகிறது என்று பெண்கள் சொன்னார்கள். அப்புறம் காலை ஓய்வில் கம்பெனிச் செலவில் சிற்றுண்டி. அடுத்து, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பிறகு சனிக்கிழமை விடுமுறை. வேலை ஏறிக்கொண்டே போயிற்று.

பன்னிரண்டாம் கட்டம் வந்தது. ஓய்வு இல்லை. சிற்றுண்டி இல்லை. சனிக்கிழமை விடுமுறையும் இல்லை. ஆதியில் இருந்ததுபோல் வாரம் 48 மணி நேரம். இப்போது வேலை பழைய அளவுக்கு விழ வேண்டும் அல்லவா?

விழவில்லை! வாரத்துக்கு ஆளுக்கு 2,900 ரிலேக்கு மேல் வந்தது. அதுவரை இல்லாத உச்சம்!

சலுகை கொடுத்தாலும் வேலை கூடுகிறது, பறித்தாலும் கூடுகிறது. இதற்கு என்ன அர்த்தம்? "தங்களை யாரோ கவனிக்கிறார்கள், தங்களுக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்ற உணர்வுதான் காரணம்" என்று சொல்லப்பட்டது. ஹார்வர்டிலிருந்து வந்து இந்தச் சோதனைகளைப் பற்றி எழுதிய எல்டன் மேயோ என்ற பேராசிரியர் அந்தக் கருத்தைப் பரப்பினார். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர் நடத்தை மாறிவிடும் என்பதற்கு, 1950-களில் "ஹாதார்ன் விளைவு" என்ற பெயர் நிலைத்தது.

கதைக்குப் பின்னால் இருந்தது

இந்தக் கதையைப் பாடப் புத்தகங்களில் படித்தவர்கள் ஏராளம். நிர்வாகப் பாடம் நடத்துகிறவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். ஆனால் பாதியைத்தான் சொல்லுகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

சொல்லாத பாதியில் முதலாவது கூலி. பழைய இடத்தில் ஏறக்குறைய நூறு பேர் செய்த வேலையை மொத்தமாகக் கணக்கிட்டுக் கூலி பிரித்தார்கள். ஒரு பெண் விரல் தேயப் பாடுபட்டாலும், அந்த லாபம் நூறு பங்காகச் சிதறிவிடும். சோதனை அறையிலோ அந்தச் சிறு கூட்டத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. தன் உழைப்பு தன் கைக்கே காசாக வந்து சேரும்! இந்த மாற்றம் ஓய்வு நேரச் சோதனைகளுக்கு முன்பே வந்துவிட்டது.

கூலிக்கு எவ்வளவு பலம் என்று கம்பெனியே பார்த்தது. வேறு ஐந்து பெண்களைத் தனி அறைக்குக் கொண்டு போகாமல், பழைய கூடத்திலேயே வைத்து, கூலிக் கணக்கை மட்டும் தனியாக்கினார்கள். வேலை சுமார் 12 சதவீதம் கூடியது. மற்றவர்கள் முணுமுணுத்ததால் சில வாரங்களில் அதை நிறுத்தினார்கள். உடனே வேலை இறங்கியது.

அடுத்தது ஆள் மாற்றம். முதலில் வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அதிகம் பேசினார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கைவேகம் உள்ள வேறு இரண்டு பெண்களைக் கொண்டு வந்தார்கள். மெதுவாகச் செய்கிறவர்களை எடுத்துவிட்டு வேகமாகச் செய்கிறவர்களை வைத்தால் சராசரி ஏறாதா? ஏறத்தான் செய்யும். இதற்கு மனோதத்துவம் எதற்கு?

பன்னிரண்டாம் கட்டத்து உச்சத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது ஒரு வாரத்து மொத்தக் கணக்கு. ஓய்வை நிறுத்தி, சனிக்கிழமையையும் சேர்த்ததால் வேலை செய்த மணி நேரம் கூடிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரிலே என்று கணக்குப் பார்த்தால், வேகம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. ஓய்வு இல்லாமல் கை களைத்தது என்பதைத்தானே இது காட்டுகிறது? அதாவது ஓய்வு பயன்பட்டிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

விளக்குச் சோதனையும் தப்பவில்லை. அதன் கணக்குகள் தொலைந்து போயின என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, 2011-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சிறு சங்கதி அகப்பட்டது. விளக்கை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றியிருக்கிறார்கள்! ஆகவே மாற்றத்துக்கு முந்தின வேலை நாள் சனிக்கிழமை. அடுத்த வேலை நாள் திங்கட்கிழமை. விளக்கைத் தொடாத வாரங்களிலும் சனியைவிடத் திங்களில் வேலை அதிகமாகவே நடந்திருக்கிறது. கிழமை செய்த காரியத்துக்கு விளக்கின் மேல் பெயர் போய்விட்டது!

கவனித்தும் கூடாத வேலை

இதே ஹாதார்னில் நடந்த இன்னொரு சோதனையை ஏனோ அதிகம் பேர் சொல்வதில்லை. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை நடந்தது. இந்தத் தடவை ஆண்கள், 14 பேர். டெலிபோன் இணைப்புக்கான பலகைகளில் கம்பி சுற்றி ஈயம் பற்ற வைக்கும் வேலை. அந்த அறையிலும் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.

கவனித்தால் வேலை கூடும் என்றால் இங்கேயும் கூட வேண்டும். கூடவில்லை!

ஒரு நாளைக்கு இரண்டு பலகை போதும் என்று அவர்களே தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வேகமாகச் செய்கிறவரைக் கேலி செய்வார்கள். அப்படியும் கேட்காவிட்டால் புஜத்தில் ஒரு குத்து விழும்! குத்து வலிப்பதற்காக அல்ல, ஞாபகப்படுத்துவதற்காக.

ஏன் அப்படி? நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது. வேகமாகச் செய்து காட்டினால், "இவ்வளவு முடியுமா? அப்படியானால் கூலி விகிதத்தைக் குறை, ஆளைக் குறை" என்று கம்பெனி சொல்லும் என்று பயந்தார்கள். அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஆள் குறைப்பினால்தான் அந்தச் சோதனையே முடிந்தது.

பெண்களின் அறையிலும் கண் இருந்தது. ஆண்களின் அறையிலும் கண் இருந்தது. ஒன்றில் வேலை ஏறியது. இன்னொன்றில் நின்ற இடத்திலேயே நின்றது. எனவே கவனிப்பது என்பது ஏதோ மந்திரக்கோல் என்று சொல்ல முடியாது. கவனிக்கப்படுகிறவர், "இவர் ஏன் பார்க்கிறார்? இதனால் எனக்கு என்ன வரும்?" என்று யோசிக்கிறார். அந்த யோசனைக்குத் தக்கபடி நடந்துகொள்கிறார். மேயோவின் கூட்டத்தார் இந்த யோசனையைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காகிதத்தைக் கிழித்தவர்கள்

இந்த யோசனையைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர் மார்ட்டின் ஆர்ன் என்ற மனோதத்துவ டாக்டர். அவர் 1962-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் மிகப் பிரசித்தம்.

அவர் ஒரு சின்ன விளையாட்டு நடத்தினார். தெரிந்தவர்கள் சிலரிடம், "எனக்கு ஓர் உதவி செய்கிறீர்களா?" என்று கேட்டார். சரி என்றவர்களிடம், "ஐந்து தண்டால் எடுங்கள்" என்றார். அவர்கள் திகைத்து, "ஏன்?" என்று கேட்டார்கள். வேறு சிலரிடம், "ஒரு சோதனையில் கலந்துகொள்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, அதே தண்டாலைச் சொன்னார். அவர்கள், "எங்கே?" என்று கேட்டார்கள்!

சோதனை என்ற ஒரு சொல் போதும். மனிதர் "ஏன்" என்பதை விட்டுவிடுகிறார்.

அப்படியானால் எதைச் சொன்னால் மறுப்பார்கள்? ஆர்ன் அதைத் தேடினார். கூட்டல் கணக்குகள் நிரம்பிய 2,000 தாள்களை ஒருவர் முன்னால் அடுக்கினார். ஒரு தாளில் 224 கூட்டல். ஆளின் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, "செய்துகொண்டிருங்கள், நான் பிறகு வருகிறேன்" என்று போய்விட்டார். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. கணக்குப் போட்டவர் நிறுத்தவில்லை. ஆராய்ச்சியாளர்தான் தோற்றுப்போய்த் திரும்பி வந்தார்!

இன்னும் அர்த்தமில்லாத வேலை கொடுத்தார். ஒரு தாளை முடித்ததும் ஓர் அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும். எந்த அட்டையை எடுத்தாலும் அதில் ஒரே உத்தரவுதான்: போட்ட தாளை 32 துண்டாகக் கிழித்தெறி, அடுத்த தாளைத் தொடங்கு. அதையும் மணிக்கணக்காகச் செய்தார்கள். பிறகு கேட்டபோது, "இது எங்கள் பொறுமையைப் பார்க்கும் சோதனை என்று நினைத்தோம்" என்றார்கள்.

பாருங்கள், அவர்கள் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த அர்த்தத்துக்கு ஏற்றபடி நல்ல பிள்ளையாக நடந்தார்கள். அறை, அட்டை, உத்தரவு, ஆராய்ச்சியாளரின் முகம் எல்லாம் சேர்ந்து, "உன்னிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறோம்" என்று ஒரு குறிப்புக் கொடுக்கின்றன. இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு ஆர்ன் ஆங்கிலத்தில் "டிமாண்ட் கேரக்டரிஸ்டிக்ஸ்" என்று பெயர் வைத்தார். தமிழில் "எதிர்பார்ப்புக் குறிகள்" என்று சொல்லலாம். அந்த மின்சாரக்காரர் மாட்டிய பல்பு ஓர் எதிர்பார்ப்புக் குறி.

அபாய மணி

1950-களில் கனடாவில் சில ஆராய்ச்சிகள் நடந்தன. ஓசை, காட்சி, தொடுதல் இவற்றை எல்லாம் தடுத்து ஒருவரைத் தனியாக அடைத்தால், புத்தி தடுமாறுகிறது, இல்லாத காட்சிகள் தெரிகின்றன என்று சொன்னார்கள். ஆர்னுக்குச் சந்தேகம் வந்தது. தனிமை மட்டுந்தான் இதைச் செய்கிறதா? அல்லது, "இங்கே ஏதோ பயங்கரம் நடக்கப் போகிறது" என்ற குறிப்புக்கும் இதில் பங்கு உண்டா?

அவரும் கார்ல் ஷைபி என்பவரும் 1964-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஆட்கள் 20 பேர். பத்துப் பத்தாகப் பிரித்தார்கள்.

முதல் பத்துப் பேரை வெள்ளை அங்கி போட்டவர் வரவேற்றார். நோய் விவரங்களை எல்லாம் விசாரித்தார். பக்கத்தில் அவசர மருந்துகள் வைத்த ஒரு தட்டு. என்ன நேர்ந்தாலும் பொறுப்பில்லை என்பதுபோல் ஒரு பத்திரத்தில் கையெழுத்து. உள்ளே போனால் ஓர் அபாயப் பொத்தான். "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள்!"

இரண்டாவது பத்துப் பேருக்கு இந்த ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. அங்கி இல்லை, தட்டு இல்லை, பொத்தான் இல்லை. "நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வந்தவர்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு கூட்டமும் உட்கார்ந்தது ஒரே மாதிரி அறையில், நான்கு மணி நேரம். அது இருட்டறை அல்ல. வெளிச்சம் உள்ள சாதாரண அறை. குடிக்கத் தண்ணீரும் தின்ன ரொட்டியும் இருந்தன. புலன்களை அடைக்கும் ஏற்பாடு எதுவும் அங்கே கிடையாது!

ஆனால் வெளியே வந்த பிறகு நடத்திய பரீட்சைகளில், அபாயப் பொத்தானைப் பார்த்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். அமைதியின்மையும் அவர்களிடமே அதிகம் தெரிந்தது. அறை செய்யாததைப் பொத்தான் செய்தது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தனிமையில் அடைத்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு சோதனையில் வந்த விளைவில் எவ்வளவு பங்கு தனிமைக்கு, எவ்வளவு பங்கு குறிப்புக்கு என்று பிரித்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பதுதான் அர்த்தம்.

எப்படிப் பிரிப்பது?

பொத்தான் சோதனையிலேயே ஒரு வழி இருக்கிறது. உண்மையான காரணத்தை எடுத்துவிட்டு, அலங்காரத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது. அப்போதும் அதே விளைவு வந்தால், அலங்காரந்தான் வேலை செய்கிறது. மாத்திரைகளைச் சோதிக்கும்போது மருந்தில்லாத மாத்திரையும் கொடுப்பது இந்தக் கணக்கில்தான். யாருக்கு எது போகிறது என்பது கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைக்கிறார்கள். தெரிந்தால் அவர் முகமே ஒரு குறிப்பாகிவிடும்.

இன்னொரு வழி, கண்ணை மறைத்து வைப்பது. கனடாவின் டொரான்டோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் அப்படிச் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். சிப்பந்திகள் கை சுத்தம் செய்யும் மருந்துப் புட்டிகளில் மின்சார எண்ணி பொருத்தினார்கள். கணக்கெடுப்பவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றபோது, நில்லாதபோது என்று இரண்டையும் ஒப்பிட்டார்கள். அவர் நின்றபோது ஏறக்குறைய மூன்று மடங்கு! அவர் குறிப்பேட்டை மட்டும் நம்பியிருந்தால், அங்கே எல்லோரும் எப்போதும் கை கழுவுகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

"சோதனை முடிந்த பிறகு ஆளையே கேட்டுவிட்டால் என்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். எங்களிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்று ஊகித்தீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும். ஆர்னும் கேட்டார். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருப்பதை அவரே எடுத்துக் காட்டினார். ஊகித்துவிட்டேன் என்று சொன்னால் தன் கணக்கைத் தள்ளிவிடுவார்கள், இவ்வளவு நேரம் வீணாகிவிடும் என்று சோதனைக்கு வந்தவர் நினைக்கிறார். அவர் ஊகித்துவிட்டார் என்று தெரிந்தால் ஓர் ஆள் குறைந்து, இன்னோர் ஆளைத் தேட வேண்டுமே என்று ஆராய்ச்சியாளரும் நினைக்கிறார். ஆகவே ஒருவர் அழுத்திக் கேட்பதில்லை, மற்றவர் திறந்து சொல்வதில்லை. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டு, மரியாதையாகப் பிரிந்து போகிறார்கள்.